டெண்டர் கடைசித் தேதியை நீட்டிக்கக் கேட்பது எப்படி: காரணம், கடிதம், நாள் கணக்கு

கடலூரில் சிறு ஒப்பந்ததாரர்களுக்கு டெண்டர் தாள் வேலைகளைச் செய்து கொடுக்கிறேன். ஒருவர் கடலூர் மாவட்டத்திலும், புதுச்சேரியைச் சேர்ந்த பாகூர்ப் பக்கத்திலும் ஒரே மாதத்தில் டெண்டர் போடுவது இங்கே சாதாரணம். கடைசித் தேதி நெருங்கும்போது “கொஞ்சம் தள்ளிப் போடச் சொல்லிக் கேட்கலாமா” என்று வருபவர்கள் பலர். அவர்களில் பாதிப் பேருக்கு நியாயமான காரணம் இருக்கும். ஆனால் தவறான நாளில், தவறான ஆளிடம், தவறான சொற்களில் கேட்டிருப்பார்கள்.

சாலை, வடிகால், கட்டடம் போன்ற வேலை டெண்டர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். பொருள் வழங்கும் டெண்டருக்கும் வரிசை ஏறக்குறைய இதுதான்.

1. கேட்பது உங்களுக்காக அல்ல, டெண்டருக்காக

இதைப் புரிந்துகொண்டால் மற்ற படிகள் எளிது. உங்களுக்கு மட்டும் ஒரு வாரம் கூடுதலாகக் கொடுக்க எந்த அதிகாரிக்கும் அதிகாரம் கிடையாது. தேதி மாறினால் எல்லோருக்கும் மாறும். அதற்காகத் துறை ஒரு திருத்த அறிவிப்பு வெளியிட வேண்டும். அலுவலகத்தில் அதைக் கொரிஜெண்டம் என்பார்கள்.

அந்த அறிவிப்புக்கு முன் கோப்பில் ஒரு குறிப்பு எழுதப்படும். “இன்ன காரணத்தால் நீட்டிக்கலாம்” என்று எழுதிக் கையெழுத்துப் போடுபவர் பின்னாளில் தணிக்கைக்குப் பதில் சொல்ல வேண்டியவர். “கேட்டவருக்கு வேலை நெருக்கடி” என்று அவரால் எழுத முடியாது. “வேலை நடக்கும் இடம் நீரில் மூழ்கியுள்ளதால் யாராலும் அளவெடுக்க முடியவில்லை” என்று எழுத முடியும். உங்கள் கடிதம் அந்தக் குறிப்பில் அப்படியே எடுத்து எழுதக் கூடியதாக இருக்க வேண்டும்.

2. பேனாவை எடுக்கும் முன் தேதிகளைப் பாருங்கள்

தமிழக டெண்டர்கள் tntenders.gov.in தளத்திலும், புதுச்சேரி டெண்டர்கள் pudutenders.gov.in தளத்திலும் வருகின்றன. டெண்டர் விவரப் பக்கத்தில் Critical Dates என்ற கட்டத்தைத் திறந்து மூன்று தேதிகளைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: Published Date, Clarification End Date, Bid Submission End Date.

வெளியிட்ட நாளுக்கும் கடைசி நாளுக்கும் இடையே எத்தனை நாள் என்று எண்ணுங்கள். தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் ஒளிவுமறைவின்மைச் சட்டம் 1998-இன் கீழ் 2000-இல் வந்த விதிகள்படி, 2 கோடி ரூபாய் வரையுள்ள டெண்டருக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் 30 நாள் தர வேண்டும். அதைக் குறைக்க வேண்டுமானால் மேல் அதிகாரியின் அனுமதியும், எழுத்தில் பதிவான காரணமும் வேண்டும். புதுச்சேரி யூனியன் பிரதேசம் என்பதால் அங்கே மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017 பேசும். பொருள் கொள்முதலுக்கான திறந்த டெண்டருக்குச் சாதாரணமாக 3 வாரம் என்பது அதில் உள்ள கணக்கு.

எண்ணிப் பார்த்ததில் நாள் குறைந்திருந்தால், அதைவிட வலுவான காரணம் தேட வேண்டியதில்லை. குறுகிய கால டெண்டர் என்று அறிவிப்பிலேயே போட்டிருந்தால், அனுமதி வாங்கித்தான் குறைத்திருப்பார்கள் என்று வைத்துக்கொண்டு அடுத்த படிக்குப் போங்கள்.

அதே பக்கத்தின் கீழே Tender Inviting Authority என்று ஒரு பகுதி இருக்கும். கடிதம் போக வேண்டியது அங்கே இருக்கும் பதவிக்குத்தான். பிரிவு எழுத்தருக்கோ, களத்தில் தெரிந்த உதவிப் பொறியாளருக்கோ எழுதினால் அது யாருடைய கோப்பிலும் ஏறாது. செயற்பொறியாளர் அழைத்த டெண்டரை நேராகக் கண்காணிப்புப் பொறியாளருக்கு எழுதினால், அது கீழே இறங்கி வரவே மூன்று நாள் ஆகும்.

3. காரணம் நிற்குமா என்று சோதித்துப் பாருங்கள்

நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இதே காரணம் உங்கள் போட்டியாளருக்கும் பொருந்துமா? பொருந்தினால் நிற்கும். பொருந்தாவிட்டால் பெரும்பாலும் விழுந்துவிடும்.

துறையின் பக்கத்திலிருந்து வரும் காரணங்கள் முதலில் நிற்பவை. வரைபடம் பதிவேற்றப்படவில்லை, விலைப் பட்டியலில் உள்ள அளவும் வரைபடத்தில் உள்ள அளவும் ஒத்துப்போகவில்லை, டெண்டருக்கு முந்தைய கூட்டத்தில் கேட்ட கேள்விக்குப் பதில் கடைசித் தேதிக்கு முந்தைய நாள்தான் வந்தது, விலைப் பட்டியலே திருத்தப்பட்டது. இவையெல்லாம் எல்லோரையும் பாதிப்பவை. அதிகாரியும் தன் கோப்பைப் பார்த்தே உறுதி செய்துகொள்ள முடியும்.

அடுத்து, ஊரையே பாதித்தவை. எங்கள் பகுதியில் இதற்குப் பஞ்சமில்லை. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது. 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தது. அதைத் தொடர்ந்து சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையில் லட்சத்துக்கும் மேற்பட்ட கன அடி தண்ணீர் திறக்கப்பட்டு, கரையோர ஊர்கள் மூழ்கின. இணையம், மின்சாரம், வங்கி, சாலை எதுவும் அந்த நாட்களில் நம் கையில் இல்லை.

விழுந்துவிடும் காரணங்கள் நம் சொந்தக் காரணங்கள். டிஜிட்டல் கையெழுத்துச் சாதனம் காலாவதியாகிவிட்டது, ஆடிட்டர் ஊரில் இல்லை, வங்கி மேலாளர் விடுப்பில் போய்விட்டார், வேறு டெண்டரில் மாட்டிக்கொண்டோம். இவை உண்மையாக இருக்கலாம். ஆனாலும் இவற்றுக்காக எல்லோருக்கும் தேதியை மாற்றினால், “யாருக்காக மாற்றினீர்கள்” என்ற கேள்வி வரும். கடிதத்தில் ஒரு நல்ல காரணத்தோடு இப்படி ஒன்றைச் சேர்த்து எழுதுவதையும் பார்த்திருக்கிறேன். நல்ல காரணமும் அதனால் கெட்டுப்போகிறது. இருப்பதில் வலுவான ஒன்றை மட்டும் எழுதுங்கள்.

டெண்டர் தளமே வேலை செய்யவில்லை என்பது இரண்டுக்கும் நடுவில் நிற்கும் காரணம். உங்கள் வீட்டு இணையம் போனால் அது உங்கள் பிரச்சினை. தளம் போனால் எல்லோருடைய பிரச்சினை. இரண்டையும் பிரித்துக் காட்ட, தளத்தின் மேற்பகுதியில் ஓடும் நேரமும் பிழைச் செய்தியும் சேர்ந்து தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். வேறு இணைய இணைப்பில் முயன்று பார்த்து அதையும் எடுத்து வையுங்கள்.

4. சந்தேகம் இருந்தால் முதலில் கேள்வியாகக் கேளுங்கள்

அளவு ஒத்துப்போகவில்லை என்பது உங்கள் காரணம் என்றால், உடனே நீட்டிப்புக் கேட்காதீர்கள். முதலில் விளக்கம் கேட்டு எழுதுங்கள். தமிழக விதிகளில், டெண்டர் திறப்பதற்கு 48 மணி நேரத்துக்கு முன் ஒருவர் விளக்கம் கேட்டால் பதில் தர வேண்டும், கேட்டவர் யார் என்று காட்டாமல் அந்தப் பதிலை மற்றவர்களுக்கும் அனுப்ப வேண்டும் என்று இருக்கிறது. டெண்டர் ஆவணத்தில் அதைவிட முன்னதாக ஒரு கெடு போட்டிருந்தால் அதற்குள் கேட்டுவிடுங்கள்.

இப்படிக் கேட்டு வைத்தால் பிறகு எழுதும் நீட்டிப்புக் கடிதத்துக்கு ஒரு அடிப்படை கிடைக்கிறது. “இன்ன தேதியில் கேட்டோம், பதில் இன்னும் வரவில்லை” என்ற ஒரு வரி, பத்து வரி வேண்டுகோளைவிட எடை அதிகம். கேள்வியே கேட்காமல் கடைசி நாளில் “அளவில் குழப்பம் உள்ளது” என்றால், இத்தனை நாள் என்ன செய்தீர்கள் என்றுதான் அதிகாரி நினைப்பார்.

5. எத்தனை நாள் கேட்பது: வேலையை எண்ணிக் கேளுங்கள்

புதியவர்கள் வழக்கமாகப் பதினைந்து நாள் என்று கேட்பார்கள். ஏன் பதினைந்து என்றால் பதில் இருக்காது. துறைக்கும் ஒரு கெடு உண்டு. நிதி ஆண்டு மார்ச் 31-இல் முடிகிறது. வேலை உத்தரவு எப்போது போக வேண்டும் என்று அவர்கள் பின்னோக்கி எண்ணித்தான் தேதி வைத்திருப்பார்கள். நீளமாகக் கேட்டால் மறுப்பது சுலபம். ஐந்து நாள், ஏழு நாள் என்று கணக்கோடு கேட்டால் மறுப்பதற்குக் காரணம் தேட வேண்டியிருக்கும்.

எனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றை, ஊர் பெயரையும் வேலையின் அடையாளத்தையும் விட்டுவிட்டுச் சொல்கிறேன். கடலூர் மாவட்டத்தில் ஆற்றங்கரையை ஒட்டிய ஒரு வடிகால், சிறுபாலம் வேலை. மதிப்பு சுமார் 1 கோடியே 40 லட்சம். 2024 நவம்பர் 22, வெள்ளிக்கிழமை வெளியானது. கடைசித் தேதி டிசம்பர் 9, திங்கட்கிழமை மாலை 3 மணி. 17 நாள் இருந்ததால் குறைந்தபட்சக் கணக்கில் குறை சொல்ல முடியாது.

ஒப்பந்ததாரர் டிசம்பர் முதல் வாரத்தில் இடத்தைப் பார்க்கலாம் என்று வைத்திருந்தார். நவம்பர் 30-இல் புயல், டிசம்பர் 2-இல் ஆற்று வெள்ளம். இடத்தை நேரில் பார்த்துவிட்டேன் என்று உறுதிமொழி தர வேண்டிய டெண்டர் அது. பார்க்காமல் கையெழுத்துப் போட்டால் பொய். பார்க்கப் போனால் முழங்காலுக்கு மேல் தண்ணீர், சிறுபாலம் வர வேண்டிய இடமே தெரியவில்லை.

நாங்கள் இப்படி எண்ணினோம். டிசம்பர் 4 அன்று நிலவரப்படி, நீர் வடிய மூன்று, நான்கு நாள் என்று ஊர்க்காரர்கள் சொன்னார்கள். அதனால் 8 வரை போகும். மட்டம் பார்க்கவும் அளவெடுக்கவும் ஒரு நாள். வெள்ளத்துக்குப் பிறகு மண் எவ்வளவு அரித்திருக்கிறது என்று பார்த்து, தூர்வாரும் அளவையும் ஜல்லி வண்டிக்குப் போகும் பாதையையும் மறுபடி கணக்கிட இரண்டு நாள். விலை போட்டுப் பதிவேற்ற இரண்டு நாள். சேர்த்தால் 13-ஆம் தேதி. அதன் பின் சனி, ஞாயிறு வருவதால் டிசம்பர் 16, திங்கள் மாலை 3 மணி என்று கேட்டோம். ஏழு நாள் நீட்டிப்பு, ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வேலை. கடிதத்தில் இந்தக் கணக்கை மூன்றே வரியில் எழுதினோம்.

6. எப்போது கொடுப்பது

கடைசி நாளுக்கு முன் குறைந்தது மூன்று வேலை நாள் இருக்கும்போது கடிதம் அலுவலகத்தில் இருக்க வேண்டும். ஏன் மூன்று? தபால் பிரிவில் பதிவாகிப் பிரிவு எழுத்தருக்குப் போக ஒரு நாள். குறிப்பு எழுதி, கண்காணிப்பாளர் பார்த்து, அதிகாரி கையெழுத்திட ஒரு நாள். மேல் அலுவலக ஒப்புதல் தேவையென்றால் இன்னொரு நாள். அதற்குப் பிறகும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. தளத்தில் திருத்த அறிவிப்பை டிஜிட்டல் கையெழுத்து வைத்திருப்பவர்தான் ஏற்ற முடியும். அவர் முகாமில் இருந்தால், ஒப்புதல் ஆன கோப்பு மேசையில் கிடக்க, 3 மணி கடந்துவிடும். கடைசி நேரம் கடந்த பின் வரும் ஒப்புதலால் பயன் இல்லை.

சீக்கிரமாகக் கேட்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. வெள்ளம் வந்த அன்றே கேட்டால், “இன்னும் ஒரு வாரம் இருக்கிறதே, பார்க்கலாம்” என்று ஓரமாக வைத்துவிடுவார்கள். எங்கள் கடிதம் புதன்கிழமை, டிசம்பர் 4 அன்று போனது. புதன், வியாழன், வெள்ளி என்று மூன்று வேலை நாள், அப்புறம் திங்கள் கடைசி நாள். இதைவிடத் தாமதமாகக் கொடுத்திருந்தால் பயந்திருப்பேன்.

7. கடிதம்

ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். தமிழக அலுவலகத்துக்குத் தமிழில் எழுதலாம். புதுச்சேரியில் டெண்டர் ஆவணம் ஆங்கிலத்தில் இருந்தால் கடிதத்தையும் ஆங்கிலத்தில் எழுதினால், குறிப்பு எழுதுபவருக்கு வேலை குறையும். நாங்கள் எழுதியதன் உடல் இது:

பெறுநர்: செயற்பொறியாளர் அவர்கள் (அலுவலகப் பெயர், முகவரி)

பொருள்: (வேலையின் பெயர்) – ஒப்பந்தப்புள்ளி சமர்ப்பிக்கும் கடைசி நாளை 16.12.2024 வரை நீட்டிக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: ஒப்பந்தப்புள்ளி அறிவிப்பு எண் …, நாள் 22.11.2024, டெண்டர் அடையாள எண் …

ஐயா,

பார்வையில் காணும் ஒப்பந்தப்புள்ளி ஆவணத்தின் பக்கம் …, பிரிவு …-இன்படி ஒப்பந்ததாரர் பணியிடத்தை நேரில் பார்த்த பிறகே விலை குறிப்பிட வேண்டும். 30.11.2024 அன்று கரை கடந்த புயலாலும் அதைத் தொடர்ந்த ஆற்று வெள்ளத்தாலும் பணியிடம் 02.12.2024 முதல் நீரில் உள்ளது. 03.12.2024 அன்று நேரில் சென்றும் அளவெடுக்க இயலவில்லை. புகைப்படங்கள் இணைக்கப்பட்டுள்ளன.

நீர் வடிந்த பின் அளவெடுக்க 1 நாளும், அரிப்பைக் கணக்கிட்டு அளவுகளைச் சரிபார்க்க 2 நாளும், விலை குறிப்பிட்டுப் பதிவேற்ற 2 நாளும் தேவைப்படும்.

எனவே கடைசி நாளை 09.12.2024-இலிருந்து 16.12.2024 மாலை 3 மணி வரை, அனைத்து ஒப்பந்ததாரர்களுக்கும் பொதுவாக நீட்டித்துத் திருத்த அறிவிப்பு வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இவ்வளவுதான். இதில் மூன்று இடங்களைக் கவனியுங்கள். பழைய தேதியும் புதிய தேதியும் எண்ணில் இருக்கின்றன. “சில நாட்கள்” என்று எழுதினால் எத்தனை நாள் என்று முடிவெடுக்கும் சுமை அவர்மேல் விழும். ஆவணத்தின் பக்கமும் பிரிவும் இருப்பதால், இடத்தைப் பார்ப்பது நம் விருப்பமல்ல, அவர்களுடைய நிபந்தனை என்பது தெரிகிறது. “அனைவருக்கும் பொதுவாக” என்ற சொல், கோப்பில் கையெழுத்துப் போடுபவருக்குத் தைரியம் தருகிறது.

எழுதக் கூடாதவையும் உண்டு. உங்கள் விலையைப் பற்றியோ, யாரிடம் பொருள் எடுக்கிறீர்கள் என்பதைப் பற்றியோ ஒரு சொல்லும் வேண்டாம். நீட்டித்தால் குறைந்த விலை தருவோம் என்று எழுதவே எழுதாதீர்கள். அது சலுகை பேசுவதாக ஆகிவிடும். மற்ற போட்டியாளர்களைக் கூப்பிட்டுச் சேர்ந்து கையெழுத்துப் போடுவதும் வேண்டாம், கூட்டுச் சேர்ந்து டெண்டர் போட்டார்கள் என்ற சந்தேகத்துக்கு அதுவே சான்றாகும். பொதுவாகக் குரல் கொடுக்க வேண்டுமென்றால் ஒப்பந்ததாரர் சங்கத்தின் பெயரில் தனிக் கடிதம் போகலாம்.

சான்றாக இரண்டு, மூன்று தாள் போதும். தேதியும் இடமும் படத்திலேயே பதிவாகும்படி எடுத்த புகைப்படம், மாவட்ட நிர்வாகம் அந்த நாட்களுக்கு வெளியிட்ட அறிவிப்பின் நகல். பத்திரிகைச் செய்தி வெட்டுகளைக் கட்டுக்கட்டாக வைப்பவர்கள் உண்டு, யாரும் படிப்பதில்லை. ஊரில் வெள்ளம் என்பது அதிகாரிக்கும் தெரியும். அந்த வேலை நடக்கும் இடத்தில் தண்ணீர் நிற்கிறது என்பதைத்தான் நாம் காட்ட வேண்டும். பக்கத்துத் தெருவின் படத்தை வைத்துவிட்டு, களப் பொறியாளர் “அங்கே தண்ணீர் வடிந்துவிட்டதே” என்று சொன்னதால் மறுக்கப்பட்ட ஒரு கோரிக்கையை நான் பார்த்திருக்கிறேன்.

8. கொடுக்கும் முறை

மூன்று வழியிலும் கொடுங்கள். தபால் பிரிவில் நேரில் கொடுத்து, உங்கள் நகலில் தேதி முத்திரை வாங்குங்கள். அறிவிப்பில் உள்ள மின்னஞ்சலுக்கு அதே கடிதத்தை அனுப்புங்கள். தளத்தில் விளக்கம் கேட்கும் வசதி திறந்திருந்தால் அதிலும் பதியுங்கள். பல டெண்டர்களில் Clarification End Date என்ற இடத்தில் NA என்று இருக்கும், அப்போது அந்த வழி இல்லை.

தொலைபேசியில் கேட்பது தவறல்ல, ஆனால் அது கடிதம் போன பிறகு. “கடிதம் வந்து சேர்ந்ததா, கோப்பு எந்தப் பிரிவில் இருக்கிறது” என்று மட்டும் கேளுங்கள். “பார்த்துக்கலாம்” என்ற பதிலை நம்பி வேலையை நிறுத்தியவர்கள் என்னிடம் வந்து வருத்தப்பட்டிருக்கிறார்கள். வாயால் சொன்னது தேதியை மாற்றாது.

9. பதில் வரும்வரை பழைய தேதிதான் உண்மை

கடிதம் கொடுத்த அன்றிலிருந்து, நீட்டிப்பு வராது என்று நினைத்தே வேலை செய்யுங்கள். முன்வைப்புத் தொகை, சான்றிதழ்கள், தொழில்நுட்பத் தாள்கள் எல்லாவற்றையும் பழைய தேதிக்கே தயாராக வையுங்கள். நாங்களும் இருந்த பழைய வரைபடத்தை வைத்து ஒரு விலையைப் போட்டுத் தயாராக வைத்திருந்தோம்.

தினமும் காலையும் மாலையும் தளத்தின் முகப்பில் Latest Corrigendums பகுதியையும் டெண்டர் விவரப் பக்கத்தையும் பாருங்கள். எங்களுக்கு டிசம்பர் 6, வெள்ளி மாலை அறிவிப்பு வந்தது. கேட்டபடியே 16-ஆம் தேதி. கடிதத்துக்குத் தனியாகப் பதில் எதுவும் வரவில்லை, பெரும்பாலும் வராது. திருத்த அறிவிப்புதான் பதில்.

அறிவிப்பு வராமல் கடைசி நாள் காலை ஆகிவிட்டால், மதியத்துக்குள் பதிவேற்றிவிடுங்கள். ஒருமுறை ஏற்றிய டெண்டரைக் கடைசி நேரம்வரை மாற்றி மறுபடி சமர்ப்பிக்கலாம். பிறகு நீட்டிப்பு வந்தாலும் புதிய தேதிக்குள் விலையைத் திருத்தலாம். ஆனால் அவசரத்தில் திரும்பப் பெறும் பொத்தானை அழுத்திவிடாதீர்கள். திரும்பப் பெற்றுவிட்டால் அதே டெண்டரில் மறுபடி பங்கேற்க முடியாது. மாற்றிச் சமர்ப்பிப்பது வேறு, திரும்பப் பெறுவது வேறு.

10. நீட்டிப்பு கிடைத்த பின் பார்க்க வேண்டியவை

தேதி மட்டும் மாறியிருக்கிறதா, வேறு எதுவும் மாறியிருக்கிறதா என்று திருத்த அறிவிப்பை முழுதாகப் படியுங்கள். விலைப் பட்டியல் கோப்பு மாறியிருந்தால் புதியதை இறக்கி அதில்தான் விலை போட வேண்டும். பழைய கோப்பில் போட்டு ஏற்ற முயன்று கடைசி மணி நேரத்தில் திணறியவர்கள் நிறைய.

வங்கி உத்தரவாதம் கொடுப்பவர்கள் அதன் காலத்தை மறுபடி எண்ணுங்கள். முன்வைப்புத் தொகைக்கான உத்தரவாதம், டெண்டர் செல்லுபடிக் காலம் முடிந்து இன்னும் 45 நாள் இருக்க வேண்டும் என்பது பொது நிதி விதிகளின் வழக்கமான கணக்கு. டெண்டர் தேதி ஏழு நாள் தள்ளினால் அந்தக் கணக்கும் ஏழு நாள் தள்ளும். பழைய தேதிக்கு எண்ணி வாங்கிய உத்தரவாதம் ஏழு நாள் குறைந்து நிற்கும். அதற்காகவே டெண்டரைத் தள்ளுபடி செய்யலாம். எங்கள் ஒப்பந்ததாரர் 9-ஆம் தேதியே வங்கிக்குப் போய்க் காலத்தை நீட்டித் திருத்தம் வாங்கினார். 10-ஆம் தேதி தண்ணீர் வடிந்த இடத்தில் இறங்கி அளவெடுத்தார். சிறுபாலத்தின் ஒரு பக்கம் கரை கிட்டத்தட்ட ஒரு மீட்டர் அரித்துப் போயிருந்தது. முதலில் போட்டு வைத்த விலையில் அந்த மண் நிரப்பும் வேலை இல்லவே இல்லை.